வேதாகம வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுக் கூட்டத்தில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு பிரசங்கி புத்தகத்தை எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு அதிகாரங்கள், மாதத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டிருந்தோம். முதல் கூட்டத்திலேயே அந்தக் கணக்கு தவறிவிட்டது. முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்தைத் தாண்டவே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான். வரவு செலவைப் பொருளாளர் அம்மா தனியாக வாசிப்பார்.

அன்று வழக்கம்போல எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசித்தோம். பழைய திருப்புதலை வைத்திருந்தவர்கள், “மாயை, மாயை, எல்லாம் மாயை என்று பிரசங்கி சொல்லுகிறான்” என்றார்கள். கத்தோலிக்க உறுப்பினர்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலிருந்து, “வீண், முற்றிலும் வீண், என்கிறார் சபை உரையாளர், வீண், முற்றிலும் வீண், எல்லாமே வீண்” என்று வாசித்தார்கள். இரண்டும் மோதிக்கொண்டன. வாசிப்பு நின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார்: “உலகம் பொய்த்தோற்றம் என்கிறாரா, உழைப்பால் பயனில்லை என்கிறாரா? இரண்டும் ஒன்றில்லையே?” அந்தக் கேள்விதான் ஆண்டு முழுவதும் எங்களை நடத்தியது.

மூலத்தில் இருப்பது இரண்டுமே இல்லை. எபிரெயத்தில் இந்த வசனம் எட்டே சொற்கள்: ஹவேல் ஹவாலிம், அமர் கோஹெலெத், ஹவேல் ஹவாலிம், ஹக்கோல் ஹாவெல். எட்டில் ஐந்து ஒரே சொல்லின் வடிவங்கள். அந்தச் சொல் ஹெவெல். அதன் அடிப்பொருள் மூச்சு, வாயிலிருந்து வெளிவரும் ஆவி. ஏசாயா 57:13இல் இது பச்சையாகத் தெரிகிறது. விக்கிரகங்களைக் காற்று அடித்துக்கொண்டு போகும், ஒரு ஹெவெல் தூக்கிக்கொண்டு போகும் என்கிறது அந்த இடம். அங்கே அது ஊதும் மூச்சைத் தவிர வேறொன்றாக இருக்க முடியாது. ஆதியாகமத்தில் வந்த வேகத்தில் போய்விடும் ஆபேலின் பெயரும் எபிரெயத்தில் இதே ஹெவெல்தான்.

ஆசிரியை அம்மா தன் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் ஊதிக் காட்டினார். கண்ணாடி மங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கி, நடுவில் ஒரு பொட்டாக நின்று, மறைந்துபோனது. “இருந்தது. இப்போது இல்லை. கையில் பிடிக்கவும் முடியாது” என்றார். ஹெவெல் என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, மூச்சு எப்படி மாயை ஆனது, வீண் ஆனது? பாதை கிரேக்கத்தில் பிரிகிறது. செப்டுவஜின்ட் என்கிற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இங்கே ‘மத்தயோத்தேஸ்’ என்று போட்டது. பயனற்ற தன்மை, வெறுமை என்று அர்த்தம். அதாவது படத்தை எடுத்துவிட்டு, படம் குறிக்கும் கருத்தை வைத்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அக்கிலா என்பவர் எபிரெயத்தைச் சொல்லுக்குச் சொல் கிரேக்கமாக்கினார். அவர் ‘அத்மிஸ்’, அதாவது நீராவி, என்றே வைத்தார். ஆக, இந்தத் தகராறு நம் காலத்தில் தொடங்கியதல்ல.

வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமின் கதையில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அவர் ரோமில் பிளெசில்லா என்கிற இளம்பெண்ணுக்கு, உலகத்தைத் துறக்கும் மனம் வரவேண்டும் என்று இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். அந்தப் பெண் சீக்கிரமே இறந்துபோனார். சில ஆண்டுகள் கழித்துப் பெத்லகேமில் இருந்துகொண்டு, அந்த நினைவோடு அவர் பிரசங்கிக்கு விளக்கவுரை எழுதினார். செப்டுவஜின்டைத் தவிர மற்ற கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஆவி என்றே எடுத்தார்கள், இதைப் புகையின் ஆவி என்றும் சட்டென்று கலைந்துபோகும் மெல்லிய காற்று என்றும் சொல்லலாம் என்று அதில் அவரே எழுதுகிறார். அவ்வளவு தெரிந்தவர் லத்தீனில் வைத்த சொல் ‘வானித்தாஸ்’, வெறுமை. அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்கு ‘வேனிட்டி’யாகப் போனது. தெரியாமல் செய்த பிழையல்ல அது. துறவைக் கற்பிக்க எடுத்த புத்தகத்துக்கு அந்தச் சொல் பொருந்திப்போனது என்பது என் கருத்து. உறுப்பினர்களில் இருவர் இதை ஏற்கவில்லை. செப்டுவஜின்ட் வழியாக வந்த வாசிப்பு சபைகளில் பழகிப்போயிருந்ததே காரணம் என்றார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான்.

அப்புறம் தமிழுக்கு வந்தோம். ‘மாயை’ நம் காதுக்கு வெறுஞ்சொல் அல்ல. வேதாந்தம் கேட்டு வளர்ந்தவருக்கு அது இல்லாததை இருப்பதாகக் காட்டும் தோற்றம். சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் ஒன்று. அங்கே மாயை பொய்யல்ல, உலகம் தோன்றுவதற்கான உள்பொருள். பிரசங்கி இந்த இரண்டையும் பேசவில்லை. நாலாம் அதிகாரத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பார்த்து, தேற்றுவார் இல்லையே என்கிறார். கண்ணீர் தோற்றம் என்று நினைப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். அவருக்கு உலகம் முழுக்க உண்மை, ஆனால் கையில் நிற்கவில்லை. ‘மாயமாய்ப் போனது’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த அர்த்தத்தில் கேட்டால் மட்டும் மாயை மூலத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

பழைய திருப்புதலும் எல்லா இடத்திலும் மாயையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. “மனுஷன் மாயைக்கு ஒப்பாயிருக்கிறான், அவன் நாட்கள் கடந்துபோகிற நிழலுக்குச் சமானம்” என்கிறது சங்கீதம் 144:4. நீதிமொழிகள் 31:30இல் அதே ஹெவெல் “அழகும் வீண்” என்று வருகிறது. ஒரே மொழிபெயர்ப்புக்குள்ளேயே இரண்டு சொற்கள்.

“அப்படியானால் ஆவி என்றே போட்டிருக்கலாமே” என்று இளைஞர் ஒருவர் கேட்டார். தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. சோற்றுப்பானையிலிருந்து எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உயிரும் ஆவி. ஆனால் தமிழ் வேதாகமத்தில் அந்த இருக்கையில் வேறொரு எபிரெயச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ரூவாஹ் என்பதற்குத்தான் ஆவி என்கிறோம், பரிசுத்த ஆவி என்கிறோம். “எல்லாம் ஆவி” என்று எழுதினால் வாசகர் நேர் எதிர்த் திசையில் போய்விடுவார். அந்த ரூவாஹும் இதே புத்தகத்தில் ஹெவெலுக்குப் பக்கத்திலேயே வருகிறது. அதற்குக் காற்று என்றும் பொருள் உண்டு, ஆவி என்றும் பொருள் உண்டு. பழைய திருப்புதல் “மனதுக்குச் சஞ்சலம்” என்று சொல்லும் இடத்தில் திருவிவிலியம் காற்றைப் பிடிக்கும் முயற்சியைச் சொல்வது அதனால்தான். யாக்கோபு 4:14இல் மனித வாழ்வு “கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகையைப்போல” என்று இருக்கிறது. அங்கே கிரேக்கச் சொல் அக்கிலா வைத்த அதே அத்மிஸ். ‘புகை’ என்ற வழி தமிழில் திறந்தே இருந்தது என்று இதைக் காட்டியபோது கூட்டத்தில் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

சொல்லை மாற்றினால் வசனம் என்ன ஆகிறது என்று பார்க்க, மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். முதலில், தொடக்க வசனத்தை அடுத்தே வரும் 1:3. “மனுஷன் படுகிற எல்லாப் பிரயாசத்தினாலும் அவனுக்குப் பலன் என்ன?” என்று அது கேட்கிறது. பலனைப் பற்றிய கேள்விக்கு முன்னால் ‘வீண்’ அழகாக உட்காருகிறது. திருவிவிலியத்தின் தேர்வுக்கு இந்த வசனமே சாட்சி.

அடுத்து 8:14. துன்மார்க்கருக்கு வரவேண்டியது நீதிமானுக்கு வருகிறது, நீதிமானுக்கு வரவேண்டியது துன்மார்க்கருக்கு வருகிறது, இது ஒரு ஹெவெல் என்கிறார். இதை நிலையில்லாதது என்று சொல்லமுடியாது, அநியாயம் நீடிக்கத்தான் செய்கிறது. பயனற்றது என்றாலும் சப்பென்று இருக்கிறது. இங்கே ஹெவெல் என்பது புகைக்குள் பார்ப்பதுபோல, அறிவுக்குப் பிடிபடாத ஒன்று. அறிஞர் மைக்கேல் ஃபாக்ஸ் இந்த மாதிரி இடங்களை வைத்துத்தான், புத்தகம் முழுவதற்கும் ‘அபத்தம்’ என்ற பொருளே பொருந்தும் என்று வாதிட்டார்.

மூன்றாவது 9:9, நேசிக்கிற மனைவியோடு வாழ்வை அனுபவி என்ற கட்டளை. அந்த வாழ்வை மூலம் ஹெவெல் வாழ்வு என்கிறது. ‘அர்த்தமற்ற’ என்று வைத்துப் பாருங்கள்: உன் அர்த்தமற்ற வாழ்வை அனுபவி. ஆங்கிலத்தில் பரவலாக வாசிக்கப்படும் ஒரு நவீன மொழிபெயர்ப்பு இந்த இடத்திலும் அப்படித்தான் சொல்கிறது, படிக்க மனம் ஒப்பவில்லை. பழைய திருப்புதலோ, “நிலையில்லாத இந்த ஜீவவாழ்வை அநுபவி” என்கிறது. இதே வசனத்தில் ஹெவெல் இன்னொரு முறை வரும்போது “மாயையான நாட்கள்” என்கிறது. இந்தப் புத்தகத்தில் பெரும்பாலும் மாயை என்றே சொல்லிவந்தவர்கள் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். எத்தனையோ திருமணங்களில் கேட்ட வசனம். அதன் கீழே கிடக்கும் சொல்லை நான் கவனித்தது இந்த ஆண்டுதான்.

ஆகவே மொழிபெயர்ப்புகள் வேறுபடக் காரணம் கவனக்குறைவு அல்ல. ஹெவெல் ஒரு படம். அது ஒரு இடத்தில் நிலையாமையையும், இன்னொரு இடத்தில் பயனின்மையையும், வேறொரு இடத்தில் புரியாமையையும் காட்டுகிறது. இடத்துக்கு இடம் சொல்லை மாற்றினால் அந்தந்த வசனம் தெளிவாகும். ஆனால் இந்தச் சிறு புத்தகத்தில் ஹெவெல் 38 தடவை மணியடிப்பதுபோல ஒலிக்கிறது, அந்த ஒலி போய்விடும். ஒரே சொல்லை வைத்தால் ஒலி நிற்கும், சில வசனங்கள் கோணலாகும். என் சொந்த விருப்பம் ஒரே சொல்லை வைப்பதுதான், அதுவும் புகை என்று. தலைவர் ஐயாவுக்கு இதில் சம்மதமில்லை. ‘எல்லாம் புகை’ என்றால் ஏதோ எரிகிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார் என்கிறார்.

தொடரின் இலக்கணம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ‘ஹெவெல்களின் ஹெவெல்’ என்பது எபிரெயத்தில் உச்சத்தைச் சொல்லும் முறை. பாடல்களின் பாடல் என்பதை நம்மவர்கள் உன்னதப்பாட்டு ஆக்கினார்களே, அதே அமைப்பு. திருவிவிலியத்தின் ‘முற்றிலும்’ இதைப் பிடிக்கிறது. வீண் என்ற சொல்லும் மூலத்தைப்போலவே சரியாக ஐந்து முறை வருகிறது. பழைய திருப்புதல் மூன்று மாயையோடு நிறுத்திக்கொள்கிறது, ஆனால் வாயில் நிற்பது அதுதான்.

மற்ற அதிகாரங்களை மீதி ஒன்பது மாதத்தில் முடித்தோம். ஐந்தாம் ஆறாம் அதிகாரங்களைச் சற்று அவசரமாகக் கடந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஹெவெல் வரும் 38 இடங்களையும், இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளில் அவை எப்படி வருகின்றன என்பதையும் எழுதிய நோட்டுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. உறுப்பினர்கள் எடுத்துப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். 12:8க்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. தொடக்க வசனம் அங்கே மறுபடி வருவதால், அதற்கு நம் வட்டத்தின் சொந்த மொழிபெயர்ப்பு ஒன்றை எழுதலாம் என்று விட்டுவைத்தோம். புகை, மூச்சு, நிலையாமை மூன்றும் பென்சிலால் எழுதி அடித்துக் கிடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளும்படி தீர்மானம் முன்மொழிகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்