மாவுக்கு எதற்குப் பெயர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீட்டிலேயே புளித்தமாவு ரொட்டி செய்வது பற்றிய கட்டுரையில், ரொட்டியை உப்ப வைக்கும் புளித்த மாவுக் கரைசலான ஸ்டார்ட்டரின் பாட்டிலுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுவது வேலையற்றவர்களின் ஃபேஷன் என்று ஒரு வரி வந்திருந்தது. ராயபுரத்தில் நான்கு வருடமாக அப்படி ஒரு பாட்டிலை வளர்த்து வருகிறேன். பெயர் வைக்காமல் ஒன்றைப் பறிகொடுத்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இட்லி மாவுக்கு நாம் ஏன் பெயர் வைப்பதில்லை? அது மூன்று நாளில் தீர்ந்துவிடும், அடுத்த வாரம் புதிதாக அரைப்போம். உறைமோர் அப்படியில்லை, வருடக்கணக்கில் தொடர்ந்து வருவது. இருந்தும் அதற்குப் பெயர் கிடையாது. ஒரு நாள் தயிர் கெட்டுப்போனால் எதிர்வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தெருவில் எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்குத் தனிப்பெயர் தேவைப்படாது. ஸ்டார்ட்டர் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது. போனால் மறுபடி முதலிலிருந்து இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதோடு அதற்குத் தீனி போட வேண்டும், ஊருக்குப் போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'ஃப்ரிட்ஜில் இரண்டாவது தட்டில் இருக்கிற அந்த மைதாக் கரைசலுக்கு மாவு போட்டுடுங்க' என்று போனில் சொல்லிப் பாருங்கள். யாருக்கும் நினைவில் நிற்காது.

எனக்கு நடந்தது இதுதான். பெயரில்லாத என் பாட்டில் சமையல் மேடையில் இருந்தது. கோடை விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன், பட்டம் ஒட்டப் பசை தேடியிருக்கிறான். வெள்ளையாக, கொழகொழவென்று, லேசாகப் புளித்த வாடையோடு மைதா. சுவரொட்டி ஒட்டும் பசையைத் தெருவில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? நான் வருவதற்குள் பாட்டில் சுரண்டிக் கழுவி கவிழ்க்கப்பட்டிருந்தது, மாடியில் நான்கு பட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. நன்றாகவே ஒட்டியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, பெயர் வைப்பது என்று முடிவானது. எப்போது வைப்பது? இதில் பலரும் அவசரப்படுகிறார்கள். மாவும் தண்ணீரும் கலந்து வைத்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பாட்டில் திடீரென்று நுரைத்து இரு மடங்காகும். உடனே பெயர் சூட்டி, படம் எடுத்து, நான்கு பேருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த எழுச்சி ஈஸ்ட்டால் வந்ததல்ல. மாவில் ஏற்கெனவே இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் விடும் வாயு அது. கலவையில் புளிப்பு ஏறியதும் அவை அடங்கிவிடும். நான்காம், ஐந்தாம் நாள் பாட்டில் செத்ததுபோல் கிடக்கும். பலர் அப்போதுதான் கொட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஈஸ்ட்டும், புளிப்பைத் தாங்கும் பாக்டீரியாக்களும் மெல்லப் பெருகும் நேரம் அது. தொடர்ந்து மாவு போட்டால் சில நாளில் மறுபடி எழும். என் கணக்கு இதுதான்: அடுத்தடுத்து மூன்று முறை, ஏறக்குறைய அதே நேரத்தில் இரு மடங்காகி இறங்கினால் பெயர் வைக்கலாம். பாட்டிலைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, மாவு போட்டபோது இருந்த மட்டத்தைக் குறித்தாலே போதும்.

அப்புறம் பெயர். வெளிநாட்டுக்காரர்கள் சிலேடையில் வைப்பார்கள். அங்கே பலருக்கும் பிடித்த ஒன்று, ஹாலிவுட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி ஈஸ்ட்டை நுழைப்பது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ஈஸ்ட்வுட்தான், ஜோக் எங்கே போனதென்றே தெரியாது. அதனால் நம் மொழியிலேயே தேடினேன். 'உப்பிலி' கிடைத்தது. ஸ்டார்ட்டரில் உப்பு கிடையாது, மாவும் தண்ணீரும் மட்டும்தான். அதன் வேலையோ உப்புவது. இதைவிடப் பொருத்தம் உண்டா என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்: "ஏம்மா, பெருமாள் பேரை வச்சிட்டு தினமும் பாதியைச் சாக்கடையில ஊத்துவியா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு முறை தீனி போடும்போதும் பழையதில் பெரும்பங்கை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் சமமாகக் கலந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். அதனால் பழையது 10 கிராம், மாவு 50, தண்ணீர் 50 என்று போடுகிறேன். மிச்சம் வெளியே போகும். சாமி பெயர், வீட்டுப் பெரியவர் பெயர் எதுவும் இதற்கு ஆகாது.

அண்ணன் மகன் 'பீட்டர்' என்றான். உள்ளே காற்று, வெளியே இங்கிலீஷ் ரொட்டி, பீட்டர் விடுவதற்கு வேறென்ன வேண்டும்? ஆனால் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் இருக்கும் ராயபுரத்தில் அந்தப் பெயரை ஜன்னல் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளும் பீட்டர்தான். "பீட்டருக்குச் சாப்பாடு போட்டாச்சா?" வரை பரவாயில்லை. "பீட்டரை வழிச்சுக் கொட்டு" என்பது சுவர் தாண்டிக் கேட்டால்?

கடைசியில் அத்தையே சொன்னதுதான் நிலைத்தது: மாவன்னா. மானா, மாவன்னா என்று அந்தக் காலத்தில் எழுத்துகளைச் சொல்வார்களே, அந்த 'மா'. மாவும் உள்ளே இருக்கிறது, அக்கம்பக்கத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. "மாவன்னாவுக்குப் போட்டாச்சா?" என்று கூப்பிடவும் வாய்க்கு வருகிறது. மூடியில் 'மா' என்று ஓர் எழுத்தும் கடைசியாகத் தீனி போட்ட தேதியும் எழுதினால் முடிந்தது. அதைவிட, பிள்ளைகளுக்கும் பெயர் தயாராக இருக்கிறது. தோழிக்குப் பிரித்துக் கொடுத்தது மீயன்னா, அடுத்தது மூவன்னா. எது எதிலிருந்து வந்தது என்று வரிசையே சொல்லிவிடும். நல்ல பெயர் தேடுபவர்கள் மூன்றைச் சோதித்தால் போதும் என்பேன்: 'க்கு' சேர்த்துக் கூப்பிட வர வேண்டும், கொட்டும்போது யார் மனமும் நோகக் கூடாது, பிரித்துக் கொடுத்தால் பெயரும் பிரிய வேண்டும்.

பெயர் வைப்பதில் ஒரு கெடுதலும் உண்டு, மறைக்க மாட்டேன். தூக்கிப் போட மனசு வராது. மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றால் அது பசிதான். வடித்துவிட்டு மாவு போடலாம். பூஞ்சை பூத்தாலோ, ரோஸ், ஆரஞ்சு நிறக் கோடு தெரிந்தாலோ, மேலே மட்டும் வழித்துவிட்டு வைத்திருக்கக் கூடாது, மொத்தமும் குப்பைக்கு. போன வருடம் மழைக்காலத்தில் மாவன்னாவுக்கு அந்த ஆரஞ்சுக் கோடு வந்தது. இரண்டு நாள் யோசித்தேன், வெட்கம்தான். பிறகு கொட்டிவிட்டு, தோழி வீட்டு மீயன்னாவிடமிருந்து ஒரு ஸ்பூன் வாங்கி வந்தேன். அது மாவன்னாதானா, மீயன்னாவா என்று வீட்டில் இன்னும் வழக்கு ஓடுகிறது.

அண்ணன் மகன் இந்தக் கோடைக்கும் வந்திருந்தான். பட்டத்துக்குப் பசை வேண்டுமென்றால், "அத்தை, மாவன்னாவில் கொட்டுறது இருக்கா?" என்று கேட்டு வாங்கிப் போகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை-13