ஒரே கூடையில் வெங்காயமும் உருளையும்

அன்புள்ள மணி,

கடிதம் வந்தது. ஏற்காட்டுக்குக் குடிபோன கையோடு இரண்டு மாதச் சாமான் வாங்கிப் போட்டாயாக்கும்! ஐந்து கிலோ பெரிய வெங்காயம், மூணு கிலோ உருளை, இரண்டும் ஒரே மூங்கில் கூடையில், அதற்கு மேல் ஒரு துண்டு. பத்தே நாளில் அடி வெங்காயம் அழுகி, மேலே இருந்தது முளை விட்டது என்று எழுதியிருக்கிறாய். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடைதான் காரணம்.

உருளை மண்ணிலிருந்து எடுத்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதன் தோலும் மெல்லியது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகக் கசிந்தபடியே இருக்கும். கொஞ்சம் ஈரமும் இருட்டும் இருந்தால்தான் அது சுருங்காமல் நிற்கும். வெங்காயத்துக்கு இதற்கு நேரெதிர். அதன் மேல்தோல் சருகாகக் காய்ந்திருக்கும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு. உருளையின் ஈரம் பட்டுச் சருகு நமுத்துப்போனால் அடியில் வேர் விடும், கழுத்து இளகும், தோலுக்கு அடியில் கரித்தூள் மாதிரிப் பூஞ்சை படியும். நீ துண்டு போட்டு மூடியதால் அந்த ஈரம் வெளியே போக வழியே இல்லை. வெங்காயத்திலிருந்து வரும் வாயுதான் உருளையை முளைக்க வைக்கிறது என்று பலரும் சொல்வார்கள். வெங்காயம் விடுகிற எத்திலீன் என்கிற அந்த வாயு மிகச் சொற்பம். ஈரத்தைப் பார்த்துக்கொண்டாலே போதும்.

இப்போது கூடையை அப்படியே தரையில் கொட்டு. ஒவ்வொரு வெங்காயத்தின் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார். மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது. தோலில் கரித்தூள் மட்டும் இருந்து உள்சதை கெட்டியாக இருந்தால், இரண்டு தோல் உரித்துக் கழுவி அன்றைக்கே சமைத்துவிடு. முளை விட்டதும் கெடுதல் இல்லை, ருசிதான் கொஞ்சம் குறையும். நல்லதாகத் தேறியவற்றை வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடு. சுவரில் ஒட்டவேண்டாம், உங்கள் ஊர்ச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும்.

உருளையைக் கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, சணல் சாக்கில் போட்டு இருட்டான கீழ்த்தட்டில் வை. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், கூடவே சோலனைன் என்கிற கசப்பு நஞ்சும் கூடும். வேகவைத்தாலும் அது போகாது. லேசாகப் பச்சை தெரிந்தால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி எறி. நிறையப் பச்சையாக இருந்தாலோ, வாயில் கசந்தாலோ முழுசாகக் கொட்டிவிடு. ஃபிரிட்ஜிலும் வைக்காதே. குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறும், வறுத்தால் வேகுமுன்னே கருகும்.

தக்காளி விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவன். இங்கே சித்திரை வெயிலில் செங்காயை வெளியே வைத்தால் சிவக்காமல் மஞ்சளாகவே பழுத்துவிடுகிறது, 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் சரியாக ஊறாது. உன் வீட்டுக் குளிர்ச்சியில் செங்காய் அழகாகச் சிவக்கும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் ஒரே அடுக்காக வை. ஈரம் போவதும் பூஞ்சை நுழைவதும் பெரும்பாலும் அந்தக் காம்புத் தழும்பு வழியாகத்தான். காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்தால் பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது, மணமும் வராது. நன்றாகப் பழுத்து, இன்றைக்கு நாளைக்குள் செலவாகாது என்றால் மட்டும் மூணு நாலு நாள் உள்ளே வைக்கலாம்.

கீரையை அந்தத் தக்காளித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே. எத்திலீனை நிஜமாகவே நிறைய விடுவது பழுக்கிற தக்காளிதான், பக்கத்தில் இருக்கும் இலை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். கட்டை வாங்கி வந்ததும் நாரை அவிழ்த்துவிடு, கட்டின இடம்தான் முதலில் அழுகும். பழுத்த இலையையும் வேரையும் நீக்கு. கழுவாதே. ஏற்கெனவே ஈரமாக இருந்தால் துண்டில் பரப்பி அரைமணி உலர்த்து. பிறகு காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. மறுநாள் துணி நனைந்திருந்தால் மாற்றிவிடு. சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் இப்படி மூணு நாள் தாங்கும். முருங்கைக்கீரையை மட்டும் அன்றைக்கே உருவிவிடு, இல்லாவிட்டால் மறுநாள் காலையில் பையெல்லாம் உதிர்ந்த இலைதான்.

அடுத்த தடவை கீழே உழவர் சந்தைக்கு வரும்போது வெங்காயம் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள், அந்த ஈரக்காற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்துவைக்காதே. உருளையை வேண்டுமானால் தாராளமாக வாங்கிப் போ.

அன்புடன்,
சேகர்