அண்ணன் வீர்ஜிக்கு, நம் அம்மா பீஜியின் முதல் நினைவு நாளான பர்சி முடிந்த கையோடு

வீர்ஜி,

இனிமேல் நம் சீக்கியரின் சாயங்காலப் பிரார்த்தனையான ரெஹ்ராஸுக்கு உங்களுக்காகவோ அண்ணி பாபிக்காகவோ காத்திருக்கப் போவதில்லை. பிள்ளைகளோடு நானே உட்கார்ந்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

எல்லாரும் கூடினால்தான் பாட், பிரார்த்தனை ஓதுவது, என்றீர்கள். ஹீத்ரோவில் ஒருவருக்கு இரவு ஷிப்ட், இன்னொருவருக்கு விடிகாலை ஷிப்ட். கூடவே முடியாது. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை நெறியான ரெஹத் மரியாதா ஒவ்வொரு பிரார்த்தனைக்கும் நேரத்தைத்தான் சொல்கிறது: விடியலுக்கு முந்தைய அமிர்த வேளையில் குளித்துவிட்டு ஜப்ஜி, ஜாப், பத்து சவையே; பொழுது சாய்ந்ததும் ரெஹ்ராஸ்; படுக்கப்போகும்போது சோஹிலா. சவுத்தாலில் பொழுது சாய்வது டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே, ஜூனில் ஒன்பதைத் தாண்டி. குளிர்காலத்தில் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் கைகால் கழுவி, தலையை மூடி உட்காரச் சரியாக இருக்கும். கோடையில் சின்னவள் அதுவரை விழித்திருக்க மாட்டாள். அவள் சோஹிலா மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கட்டும், ஐந்தே சபத் பாடல்தான். பெரியவன் என்னோடு ரெஹ்ராஸுக்கு இருப்பான்.

சோஹிலா தூக்கத்தைச் சேர்ந்தது. இரவு ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கிறவர் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஜப்ஜியை அப்படித் தள்ள எனக்கு மனம் வராது. இடைவேளையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடியும்.

ஆனால் மனப்பாடமாகச் சொல்லாதீர்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்த அசதியில் நீங்கள் கண்மூடிச் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஜப்ஜியில் பவுடி என்னும் செய்யுள் பகுதிகளில் 8 முதல் 11 வரை நாலும் 'சுணியே' என்றே தொடங்கும், ஒரே இரண்டடியில் முடியும். 12 முதல் 15 வரை 'மன்னே'யும் ஏறக்குறைய அப்படித்தான். முடிவடி ஒன்றாக இருப்பதால் அசந்த மனம் எந்தப் பவுடியில் நிற்கிறோம் என்பதை விட்டுவிடும். ஒன்பதாவதை முடித்துப் பதினொன்றுக்குத் தாவினீர்கள். பீஜி வாயே திறக்கவில்லை. பிரார்த்தனைப் புத்தகமான குட்கா சாஹிப்பை விரித்து உங்கள் விரலைப் பிடித்துப் பத்தாவது பவுடியின் முதல் வரியில் வைத்தாள். அங்கிருந்து தொடர்ந்தீர்கள். உங்கள் விரல் நடுங்கியது, வீர்ஜி. அவ்வளவு அன்பாக என்னை அவள் ஒருநாளும் திருத்தியதில்லை.

காரில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஆயிற்று என்கிறீர்களே, அதிலும் இதேதான். சாலையைப் பார்க்கிற நேரத்தில் நாலு பவுடி ஓடிப்போயிருக்கும், போனதே தெரியாது.

குருத்வாராவின் பொது உணவுக்கூடமான லங்கரில் நாலு பேர் முன்னால் நீங்கள் பாபியைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். இதையும் பலர் படிப்பார்கள். ஒன்று மட்டும்: ரெஹ்ராஸில் சௌபாயியும் ஆனந்த் சாஹிப்பின் ஆறு பவுடியும் பிள்ளைகளுக்குத் தெரியும் என்றால், அது அவள் சொல்லிக்கொடுத்தது.

ரெஹ்ராஸ் முடிந்ததும் நிறைவு வேண்டுதலான அர்தாஸைப் பெரியவன் நின்று சொல்வான். பாதியில் தடுமாறுகிறான். உங்கள் விடுமுறை நாளில் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், அவன் நிறுத்தும் இடத்தில் மட்டும் எடுத்துக்கொடுங்கள்.

உங்கள் தங்கை