ஹேர் மெட்டலை நிர்வானா மட்டுமா கொன்றது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்ணூறுகளின் ராக் இசை பற்றிய உங்கள் கட்டுரையில், 1991 செப்டம்பரில் நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தது, முடியைத் தூக்கி வாரி, மேக்கப் போட்டு ஆடிய எண்பதுகளின் ஹேர் மெட்டல் ராக் செத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். செத்தது உண்மை. ஆனால் நோய் அதற்கு முன்பே முற்றியிருந்தது. அந்தப் பாட்டுகளை கேசட் தேயத் தேயக் கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த ஹேர் மெட்டல் குழுக்களை நாடு முழுக்கக் கொண்டுபோனது எம்டிவி. நாள் முழுக்க வீடியோ போட வேண்டிய சேனலுக்குப் பார்த்தவுடன் கண்ணில் நிற்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1986-ல் வந்த பாய்சன் குழுவின் முதல் ஆல்ப அட்டையைப் பாருங்கள். லிப்ஸ்டிக், கண் மை, ஸ்ப்ரே அடித்துத் தூக்கிய முடி. நான்கு பெண்கள் என்றே நினைப்பீர்கள்.

முகம் இப்படிப் பரவியது. ஆனால் தரவரிசையின் உச்சிக்கு அது மட்டும் போதவில்லை. உறுமும் கிடாரைப் பகல் நேர வானொலி எளிதில் உள்ளே விடாது. அதற்குத்தான் பவர் பாலட் என்ற உருக்கமான பாட்டு. தனி கிடாரில் மெதுவாகத் தொடங்கும், பிறகு டிரம்ஸ் இடிபோல விழும், நடுவில் அழுகிற மாதிரி ஒரு சோலோ, கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும் பல்லவி. அலுவலகத்திலும் காரிலும் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடும். எனவே முதல் சிங்கிளாக ஆட்டம் போடும் பாட்டு, ரசிகர் பட்டாளம் சேர்ந்த பிறகு பாலட் என்பது நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. பாய்சனின் இரண்டாவது ஆல்பத்தில் மூன்றாவது சிங்கிளாக வந்ததுதான் ‘எவ்ரி ரோஸ் ஹாஸ் இட்ஸ் தார்ன்’. காதலிக்குப் போன் போட்டபோது பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டதாம். அந்த வலியில், துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து எழுதியதாக பாய்சனின் பாடகர் பிரெட் மைக்கேல்ஸ் சொல்லியிருக்கிறார். 1988 டிசம்பரில் அது முதலிடம் பிடித்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஒரு சூத்திரம் பலித்துவிட்டால் நிறுவனம் விடுமா? கண்ணில் பட்ட முடிக்காரர்களையெல்லாம் ஒப்பந்தம் செய்தார்கள். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு பாலட், ஒவ்வொரு வீடியோவிலும் புகை, காற்றாடி, மாடல் பெண். இதில் நசுங்கியவர்களுக்கு வாரன்ட் குழு நல்ல உதாரணம். 1989-ல் அவர்களுடைய ‘ஹெவன்’ இரண்டாமிடம் வரை போனது. அடுத்த ஆல்பத்துக்கு ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்ப் பாட்டு ஒரு கொலையை மூடி மறைப்பது பற்றியது. வேலை ஏறக்குறைய முடிந்த நேரத்தில், எல்லோரும் கத்திப் பாட ஒரு பாட்டு வேண்டும் என்று நிறுவனத் தலைவர் கேட்டார். பாடகர் ஜானி லேன் மளமளவென்று ‘செர்ரி பை’ எழுதிக் கொடுத்தார். ஆல்பத்தின் பெயரே மாறிவிட்டது. பாட்டு முதல் பத்துக்குள் வந்தது, லேன் ‘செர்ரி பை பையன்’ ஆகிப்போனார். பின்னாளில் அதை எழுதியதற்காகத் தொலைக்காட்சியிலேயே கசந்து பேசினார். ‘ஹெவன்’ அளவுக்கு அந்தப் பாட்டை நானும் ரசித்ததில்லை, அது வேறு விஷயம்.

இதற்குள் சத்தத்துக்காக வந்த பையன்கள் கன்ஸ் அண்ட் ரோஸஸ், மெட்டாலிகா போன்ற கடுமையான குழுக்கள் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்கள். 1991 ஜூனில் ஸ்கிட் ரோவின் கடுமையான ‘ஸ்லேவ் டு தி கிரைண்ட்’ வந்த வேகத்தில் ஆல்பப் பட்டியலில் முதலிடம் போனது. நிர்வானாவுக்கு மூன்று மாதம் முன்பு இது. சாதாரண கம்பளிச் சட்டையில் நிர்வானா எம்டிவியில் தோன்றியபோது, முந்தைய வருடத்து முடியும் மினுமினுப்பும் கேலிக்கூத்தாகத் தெரிந்தன. அந்த அளவுக்கு நிர்வானாவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் பாலட் சாகவில்லையே! அதே 1991 ஜூனில் முதலிடம் வந்த எக்ஸ்ட்ரீமின் ‘மோர் தேன் வேர்ட்ஸ்’ வீடியோவைப் பாருங்கள். தொடக்கத்திலேயே டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்துவிடுகிறார், பாஸ் கிடார்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுகிறார். மிச்சம் இரண்டு குரல், ஒரு கிடார். வேலையில்லாத அந்த இருவரும் ஓரமாக உட்கார்ந்து லைட்டரைக் கொளுத்திப் பிடிக்கிறார்கள். 1992 ஜனவரியில் ‘நெவர்மைண்ட்’ ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த மாதமே பாடல் பட்டியலின் உச்சியில் மிஸ்டர் பிக்கின் ‘டு பி வித் யூ’. அதுவும் கிடாரை மெல்லத் தட்டிப் பாடும் காதல் பாட்டுதான்.

இப்படிக்கு,
பழைய ராக் ரசிகன் ஒருவன்,
கோவை