ஏ2 பால் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏ2 பால் விற்பவர்களுக்கும், அதற்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் உணவியல் ஆலோசகர். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று என்னைப் பார்க்க வருபவர்கள் சில வருடங்களாகவே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏ2 பாலுக்கு மாறினால் சரியாகிவிடுமா?" அண்மையில் வந்த ஒருவர் அதைக் கேட்கவில்லை. ஏற்கெனவே மாறிவிட்டிருந்தார். இரண்டு மாதமாக ஏ2 பால்தான், உப்புசம் மட்டும் அப்படியே இருந்தது. விற்றவரிடம் சொன்னதற்கு, "உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் குடியுங்கள்" என்று பதில் வந்ததாம். பாலின் சர்க்கரையான லாக்டோஸைக் கரைசலாகக் குடிக்கவைத்து மூச்சுப் பரிசோதனை செய்ததில் ஹைட்ரஜன் எகிறியது. அவர் உடம்பு எதற்கும் பழகிக்கொண்டிருக்கவில்லை. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ப் புளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வீணாகப் போன அந்த இரண்டு மாதம்தான் என்னை இதை எழுத வைத்தது.

நீங்கள் விற்பது வெறும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஏ1, ஏ2 வித்தியாசம் நிஜமானது. பசும்பாலின் பீட்டா கேசின் என்ற புரதம் 209 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் 67-ஆவது இடத்தில் ஏ2 வகையில் புரோலின் என்ற அமினோ அமிலமும் ஏ1 வகையில் ஹிஸ்டிடினும் இருக்கும். ஏ2 வகை மட்டும் உள்ளது ஏ2 பால், சாதாரணப் பாலில் பொதுவாக இரண்டும் கலந்திருக்கும். மாட்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது இது. மாற்றம் சின்னதுதான், ஆனால் இருக்கும் இடம் முக்கியமானது. புரோலின் இருந்தால் செரிமான நொதிகளுக்கு அந்த இடத்தில் சங்கிலியை வெட்டுவது கடினம். ஹிஸ்டிடின் இருந்தால் சுலபமாக வெட்டிவிடும். அப்படி வெட்டும்போது, அதற்கு முன்னால் உள்ள ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று விடுபடும். பீட்டா கேசோமார்ஃபின்-7 என்று பெயர், சுருக்கமாக பிசிஎம்-7. மார்ஃபின் போன்ற மருந்துகள் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பிகளோடு இதுவும் ஒட்டக்கூடியது. குடல் சுவரிலும் அந்த ஏற்பிகள் இருப்பதால், குடலின் அசைவை இது மாற்றலாம் என்பது நியாயமான ஊகம். எலிகளில் அதற்கு ஆதாரமும் கிடைத்தது. ஏ1 பால் கொடுத்த எலிகளில் உணவு குடலைக் கடக்க அதிக நேரம் ஆனது. ஓபியாய்டைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அந்தத் தாமதம் மறைந்தது. அழகான சோதனை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் விளம்பரங்கள் எலியிலிருந்து ஒரே தாவலில் மனிதருக்கு வந்துவிடுகின்றன. மனிதர்களில் நடந்த சோதனைகளை நிதானமாகப் பார்த்தால் படம் இத்தனை தெளிவாக இல்லை.

2014-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. 41 பேர், இரண்டு வாரம் ஏ1 பால், இரண்டு வாரம் ஏ2 பால், நாளுக்கு 750 மில்லி. எது எந்தப் பால் என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. ஏ1 குடித்த நாள்களில் மலம் சற்று இளகியிருந்தது. எவ்வளவு? ஏழு படிகள் கொண்ட அளவுகோலில் சராசரியாக 0.3 படி. அப்புறம் சீனாவில் நடந்து 2016-இல் வெளியான சோதனை. பால் ஒத்துக்கொள்வதில்லை என்று தாங்களே சொன்ன 45 பேர். சாதாரணப் பால் குடித்தபோது வயிற்றுத் தொந்தரவு கூடியது, உணவு குடலைக் கடக்கும் நேரமும் நீண்டது. ஏ2 பால் குடித்தபோது இவை குறைவாக இருந்தன. உங்களுக்குச் சாதகமான முடிவுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முடிச்சு தெரியும். எலிக் கதைப்படி பிசிஎம்-7 குடலை மந்தமாக்க வேண்டும். மந்தமான குடலில் மலம் பொதுவாக இறுகும். ஆஸ்திரேலியாவிலோ இளகியிருக்கிறது. இதற்கு விளக்கங்கள் சொல்லலாம்தான். ஆனால், பலன் இருந்தாலும் அது எந்த வழியாக வருகிறது என்பது இன்னும் தீரவில்லை. "பிசிஎம்-7 இல்லை, அதனால் செரிக்கும்" என்ற உங்கள் வாசகத்தில் 'அதனால்' என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது.

இரண்டு சோதனைகளுக்கும் ஏ2 பால் விற்கும் நிறுவனமே பணம் கொடுத்திருக்கிறது. அதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது. சிறிய எண்ணிக்கை, தாங்களே மதிப்பிட்டுச் சொல்லும் தொந்தரவு, விற்பவரின் பணம் என மூன்றும் சேரும்போது, பெரிய சுயேச்சையான சோதனை வரும்வரை குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வது முறை. அவ்வளவே.

நீங்கள் கட்டாயம் படித்திருக்க வேண்டிய சோதனை ஒன்று நியூசிலாந்தில் நடந்தது. 2020-இல் வெளியானது. 40 பெண்கள். முதலில் அவர்களை லாக்டோஸ் பரிசோதனை வைத்துப் பிரித்தார்கள்: லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள், லாக்டோஸ் செரித்தும் பால் ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்பவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள். மற்ற சோதனைகளில் பெரும்பாலும் சாதாரணப் பாலும் ஏ2 பாலும் மட்டுமே மோதும். இங்கே மூன்றாவதாக லாக்டோஸ் நீக்கிய சாதாரணப் பாலையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த மூன்றாவது கோப்பைதான் விஷயத்தை உடைத்துக் காட்டியது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பெண்களுக்கு உப்புசமும் வாயுவும் சாதாரணப் பாலில் எவ்வளவோ அவ்வளவு ஏ2 பாலிலும் வந்தன. லாக்டோஸ் நீக்கிய பாலில் தணிந்தன. அந்தப் பாலில் ஏ1 புரதம் அப்படியே இருந்தது என்பதைக் கவனியுங்கள். குமட்டல், அவசரமாகக் கழிவறைக்கு ஓட வேண்டிய உணர்வு ஆகியவற்றில் மட்டும் ஏ2 பால் சாதாரணப் பாலைவிடக் கொஞ்சம் தேவலை. லாக்டோஸ் செரித்தும் பால் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னவர்களுக்கோ மூன்று பாலும் ஒன்றுபோலவே இருந்தன. உங்கள் விளம்பரம் குறிவைக்கும் ஆட்கள் இவர்கள்தான்.

இது ஏன் இப்படி என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். கால் லிட்டர் பாலில் பீட்டா கேசின் ஏறத்தாழ 2 கிராம். லாக்டோஸ் ஏறத்தாழ 12 கிராம். மாட்டை மாற்றினால் அந்த 2 கிராமின் வகை மாறும், 12 கிராம் சர்க்கரை அசையாது. லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர்களிலும் பலருக்கு ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவு தராது. அதனால் ஏ2 பாலுக்கு மாறியவர், விலை அதிகம் என்று அளவையும் குறைத்திருந்தால், நிம்மதி வந்தது புரதத்தாலா அளவாலா என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்த "ஏ2 பாலில் சரியாகிவிட்டது" கதைகளில் பாதிக்கு மேல் இந்தச் சந்தேகத்தைத் தாண்டாதவை. முன்பு பெரிய டம்ளர், இப்போது சின்ன டம்ளர்.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் கோபமாகவே எழுதுகிறேன். பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஏ2 பால் பாதுகாப்பானது அல்ல. ஏ2 வகையும் கேசின்தான். 209-இல் ஓர் இடம் மாறியதால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை வேறு பொருளாகப் பார்த்துவிடாது. போதாக்குறைக்கு மோர்ப்புரதங்களில் ஒரு மாற்றமும் இல்லை. "மென்மையான பால்", "தாய்ப்பாலுக்கு நெருக்கமானது" என்று நீங்கள் எழுதுவதை ஒரு தாய் எப்படிப் படிப்பார் என்று யோசித்தீர்களா? தாய்ப்பாலின் பீட்டா கேசினிலும் அதற்கு இணையான இடத்தில் புரோலின் இருப்பது உண்மை. அந்த ஒற்றுமை அதோடு முடிகிறது.

ஏ1 பாலால் நீரிழிவும் இதய நோயும் வரும் என்ற பேச்சை நீட்ட வேண்டியதில்லை. நாடுகளுக்கிடையே ஏ1 பால் நுகர்வையும் நோய் விகிதத்தையும் ஒப்பிட்ட வரைபடங்களிலிருந்து அந்தப் பேச்சு கிளம்பியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் எல்லாவற்றையும் பரிசீலித்து, பிசிஎம்-7-க்கும் அந்த நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

ஏ2 நெய்க்கும் இதையே சொல்வேன். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. இல்லாத புரதத்தின் வகையைப் போட்டு விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சரி, அட்டையில் எதைப் போடலாம்? முதலில், பால் உண்மையிலேயே ஏ2தானா என்பதற்கான சோதனை. இனத்தின் பெயர் சான்றாகாது. திமில் உள்ள இனங்களில் ஏ2 மரபணு மிக அதிகம்தான், ஆனால் கலப்பு ஒன்று நுழைந்தால் தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு மாட்டுக்கும் வால் முடியின் வேரிலிருந்து மரபணுச் சோதனை செய்துவிடலாம். பத்து மாடுகளில் ஒன்று மட்டும் இரு வகை மரபணுவும் கொண்டது என்று வையுங்கள். எல்லாம் ஒரே அளவு கறந்தால், அந்த ஒரு மாட்டின் பீட்டா கேசினில் பாதி ஏ1 என்பதால், கலந்த பாலின் பீட்டா கேசினில் சுமார் 5 சதவீதம் ஏ1 ஆகிவிடும். எனவே மாட்டுச் சான்றிதழோடு நிற்காமல், தொட்டியில் சேர்ந்த பாலையும் அவ்வப்போது சோதித்து, முடிவைத் தேதியோடு வெளியிடுங்கள்.

இரண்டாவது, பெரிய எழுத்தில் ஒரு வரி: "இந்தப் பாலில் லாக்டோஸ் சாதாரணப் பாலில் உள்ள அளவே உள்ளது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல." விற்பனை குறையும் என்று பயந்தால் ஒரு யோசனை. ஏ2 பாலிலேயே லாக்டேஸ் நொதி சேர்த்து, லாக்டோஸ் நீக்கி விற்கலாம். என்னிடம் வருபவர்களில் பலருக்கு அது உதவும், ஏ2 என்பதற்காக இல்லாவிட்டாலும்.

மூன்றாவது, "முயன்று பாருங்கள்" என்று சொல்வதானால் முறையாக முயலச் சொல்லுங்கள். வீட்டில் வேறொருவர் ஊற்றித் தரட்டும். ஒரே கொழுப்பளவுள்ள சாதாரணப் பாலும் ஏ2 பாலும், தினம் ஒரே அளவு, ஒவ்வொன்றும் ஒரு வாரம், இடையில் பால் இல்லாத சில நாள்கள். குடிப்பவர் தொந்தரவை நாள்தோறும் குறிக்கட்டும், கடைசியில்தான் எந்த வாரம் எது என்று சொல்ல வேண்டும். முடிந்தால் வரிசையை மாற்றி இன்னொரு முறை. லாக்டோஸ் நீக்கிய பாலை இதில் ஒளித்துவைக்க முடியாது, லாக்டோஸ் உடைவதால் கூடும் இனிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தனியாகக் குடித்துப் பார்க்கட்டும். ஒவ்வாமை உள்ளவர்களும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இந்தப் பரீட்சைக்கு ஆள் அல்ல.

என்னிடம் வந்தவர் இப்போது லாக்டோஸ் நீக்கிய சாதாரணப் பாலைக் குடிக்கிறார், உப்புசம் இல்லை. அவர் முதல் வாரமே வந்து சொன்னபோது "பழகட்டும்" என்பதற்குப் பதிலாக "லாக்டோஸ் சோதனை செய்து பாருங்கள்" என்று உங்கள் ஆள் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அட்டையை மாற்ற மாதங்கள் ஆகும், இதற்கு ஒரு நாள் போதும்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் ஆலோசகர்