எங்கட வாடிக்கையாளர்களுக்கு: கல்லடி மாடி ரூமை ஏன் கல்லால கட்டல்ல

அன்பான உங்க எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில வீட்ல இருந்து வேலை செய்ற ஒரு தம்பிக்கு மொட்டை மாடியில நாங்க செஞ்சு குடுத்த பத்துக்கு எட்டு அடி ஆபீஸ் ரூம் உங்கள்ல கனபேர் பாத்ததுதான். அதைப் பலகைப் பெட்டி, கல்லுக்குச் செலவழிக்காம காசைப் பிடிச்சிட்டாங்க எண்டு இப்ப ஒரு கதை சுத்துது, அது எங்கட மனசைச் சுட்டிட்டு.

கணக்கைச் சொல்றம். நாலு சுவரும் சேத்து 36 அடி நீளம், எட்டடி உசரம். அதை ஆறு இஞ்சி சீமெந்துக் கல்லால கட்டிப் பூசினா கிட்டத்தட்ட ஏழு டன் வரும். அந்த வீட்டு சிலாப் அஞ்சு இஞ்சி, நாங்க ரூம் வைக்கிற இடத்துல மூணு பக்கத்துக்குக் கீழ பீம் இல்ல. பீம் இல்லாத சிலாப்புல கல்சுவர் ஏத்தினா உடனே ஒண்டும் தெரியாது, கொஞ்ச காலத்தால கீழ்வீட்டு சீலிங் பூச்சில சுவர் போற வழியிலயே நேர்கோடா வெடிப்பு விழும், மேல கதவு இறுகும். அதுக்குத்தான் இரும்புச் சட்டமும் ரெண்டு பக்கமும் சீமெந்து போர்டும், நடுவுல கிளாஸ் வூலும். சுவர் எல்லாம் சேத்து ஒரு டன்னுக்குள்ள. பாரத்தை அடிச்சட்டத்துக்குக் குறுக்கால போட்ட இரும்பு பீம் வாங்கி வீட்டுப் பீமுக்கே கடத்துது.

பாரம் குறைஞ்சா காத்து தூக்கும். 1978 சூறாவளியை எங்கட பெரியவங்க இன்னும் சொல்றாங்கதானே. அதால சட்டத்தைப் பீமுக்குள்ள போல்ட் அடிச்சுப் பூட்டியிருக்கம், தகரக் கூரையையும் சட்டத்தோட பட்டி போட்டுக் கட்டியிருக்கம். போல்ட் இறங்கின இடத்துல தண்ணி நிண்டா கீழ ஒழுகும், அதுக்காக நாலு இஞ்சி கொங்கிறீட் வரம்பு கட்டி அதுக்கு மேலதான் சட்டம்.

மேற்கால ஜன்னல் வைக்கல்ல எண்டதும் ஒரு குறை. கச்சான் அடிக்கிற மாசங்கள்ல பின்நேரம் அந்தப் பக்கம் இருக்கேலாது எண்டு உங்களுக்கே தெரியும். ஜன்னல் வடக்கால, மேசை அதுக்குப் பக்கவாட்டுல, அப்பதான் வீடியோ கோல்ல முகம் இருட்டாகாது. வடக்குப் பக்கம் மாரிமழையும் அடிக்கும், அதுக்கு ரெண்டரை அடி தாழ்வாரம் இறக்கினம்.

பெருமழை நேரம் தகரச் சத்தம் கோல்ல கொஞ்சம் கேக்கும்.

கதை பரவின பிறகும் ரெண்டு பேர் வந்து "நீங்க செஞ்சதப் பாத்துத்தான் வந்த" எண்டு வேலை தந்தீங்க, அதை மறக்க மாட்டம். சந்தேகம் இருக்கிற ஆக்கள் தம்பியிட்டக் கேட்டுட்டு வாங்க, அவர் சம்மதிச்சிரிக்கார், கீழ்வீட்டு சீலிங்கையும் சேத்துக் காட்டுறம். இரும்பு விலையால வாற மாசத்துல இருந்து எங்கட கொட்டேசன் கொஞ்சம் கூடும்.