குட்டை மீன் கணக்கில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குட்டை வெட்டுவதையும் குஞ்சு விடுவதையும் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் மொத்த மீனையும் சில்லறை விலையால் பெருக்கி லாபம் காட்டியிருப்பது சரியில்லை. ஒரத்தநாடு பக்கம் 25 சென்ட் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவன் என்ற முறையில் என் கணக்கை எழுதுகிறேன்.

எங்கள் மண் களிமண். அதனால் வெட்டுக்கூலி சுமார் 40,000 ரூபாயோடு முடிந்தது. மணல் கலந்த நிலம் என்றால் தார்ப்பாய் விரிக்க வேண்டும், அதற்கே லட்சத்துக்கு மேல் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ள முழங்கால் ஆழத்தில் ஒரு குழி தோண்டி, இரண்டு முறை தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மூன்றாம் முறை நிரப்பி மறுநாள் காலையில் பார்த்தாலே போதும். தண்ணீர் பெரும்பகுதி இறங்கியிருந்தால் மானியம் வந்தாலும் யோசிக்க வேண்டிய இடம் அது.

வருடாந்தரச் செலவு தனி. 800 விரலளவு குஞ்சுகளும் வண்டி வாடகையும் 2,000 ரூபாய். சாணம், சுண்ணாம்பு 1,500. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சேர்த்து 600 கிலோ, அது 21,000. மோட்டாருக்கும் வலை இழுப்புக்கும் 3,500. ஆக 28,000 ரூபாய். 800 குஞ்சில் 600 போலத் தேறி, ஒன்று சராசரி 600 கிராம் நின்றால் ஏறக்குறைய 350 கிலோ. கரையில் வந்து மொத்தமாக எடுக்கும் வியாபாரி கிலோ 90 ரூபாய் தருகிறார். கைக்கு வருவது 31,500. வீட்டு ஆள் உழைப்பைச் சேர்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே மீனை உயிரோடு ஊருக்குள் 150 ரூபாய்க்கு விற்றால் 52,500. இரண்டு விலையையும் அருகருகே அச்சிட்டிருந்தால் வாசகருக்கு உண்மை புரிந்திருக்கும்.

எந்த மாதத்தில் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். புரட்டாசியிலும் கார்த்திகை மாலை போடும் நாட்களிலும் வாங்க ஆள் குறைவு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடல்மீன் வரத்து குறையும் அப்போது குட்டை மீனைத் தேடி வருவார்கள். ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு ஆகஸ்டில் குஞ்சு விட்டால் அதற்குள் மீன் தேறிவிடுகிறது. ஆனால் கோடையில் குட்டை வற்றும். அதனால் ஒரேயடியாகக் காத்திருக்காமல் ஞாயிறுதோறும் பெரியதை மட்டும் அரித்து விற்பதே நல்லது. மீன் குறையக் குறைய, இருக்கிற தண்ணீர் மீதிக்குப் போதுமானதாகிறது.

அப்புறம் நோய். மீன் செத்தாலே நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். இரவில் நன்றாக இருந்த மீன் விடிவதற்குள் கூட்டமாக, அதுவும் பெரியவை முதலில், வாய் பிளந்து மிதந்தால் அது பெரும்பாலும் மூச்சுத் திணறல். பாசி பகலில் பிராணவாயு தரும், இரவில் அதுவும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. தொடர்ந்து மப்பு போட்ட நாட்களில் இன்னும் மோசம். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு முங்கும்போதே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம். சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்திவிட்டு, மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும்.

தீவனம் மிஞ்சி அழுகுவதும் இதற்கு ஒரு காரணம். நான் அள்ளி வீசுவதில்லை. துளையிட்ட சாக்கில் போட்டுக் கழியில் கட்டித் தொங்கவிடுகிறேன். மாலையில் சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறைக்கிறேன்.

நோய் வேறு மாதிரி வரும். மழை முடிந்து குளிர் ஏறும் மார்கழி, தை மாதங்களில் உடலில் சிவப்புப் புள்ளி தோன்றிப் புண்ணாகும். நாளுக்கு ஒன்றிரண்டாகச் சாகும். அப்படிக் கண்டால் செத்ததை உடனே அகற்றிப் புதைத்துவிட்டு, மீன்வளத் துறையினரிடம் காட்டிச் சுண்ணாம்போ சிஃபாக்ஸ் மருந்தோ அவர்கள் சொல்லும் அளவில் போட வேண்டும். புண் வந்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே, வெளி வெள்ளம் உள்ளே புகாதபடி கரையை உயர்த்துவதுதான் மலிவான வைத்தியம்.

அடுத்து மீன் வளர்ப்பு பற்றி எழுதும்போது கரை விலை, சில்லறை விலை, பிடித்த மாதம் மூன்றையும் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.